சனிக்கிழமை மாலை வந்த மூன்று வரிகள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் மனிதவளப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும்,

பிப்ரவரி 7, சனிக்கிழமை மாலை 5.40 மணிக்கு உங்கள் சுற்றறிக்கை எங்கள் மின்னஞ்சலுக்கு வந்தது. மூன்றே வரி. "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, 09.02.2026 முதல் அலுவலக நேரம் காலை 11.00 மணி முதல் இரவு 8.00 மணி வரை என மாற்றியமைக்கப்படுகிறது. வேலை நேரத்தின் அளவில் மாற்றமில்லை. அனைத்து ஊழியர்களும் தவறாமல் பின்பற்றவும்." சனிக்கிழமை எங்களுக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். யாரிடமாவது போய் விளக்கம் கேட்க இருபது நிமிடம்தான் இருந்தது. நடுவில் ஒரு ஞாயிறு. அடுத்த நாள் புது நேரம்.

நான் இந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதிமூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். நேரத்தை மாற்றவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. தொழில் நடத்துகிறவர்களுக்கு நேரத்தை மாற்ற வேண்டிய தேவை வரும், அது எனக்குப் புரியும். தொண்ணூறு பேருடைய நாளை மாற்றும் ஓர் அறிவிப்பில் என்ன காரணம், எந்தத் தேதி, யாருக்குப் பொருந்தும், இடைவேளை எப்போது என்ற நான்கும் தெளிவாக இருந்திருக்க வேண்டும். அதில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. அதனால் என்ன நடந்தது என்பதை நீங்கள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"அனைத்து ஊழியர்களும்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மின்னஞ்சல் போனது நிறுவன முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். துப்புரவு வேலை பார்க்கும் மூன்று அக்காக்களுக்கும், டீ கொடுக்கும் அண்ணனுக்கும், பகல் நேரக் காவலருக்கும் அப்படி முகவரி கிடையாது. ஒப்பந்தக்காரருக்கும் யாரும் போன் செய்யவில்லை. திங்கள்கிழமை காலை வழக்கம்போல் ஏழரைக்கு அவர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் தகவல் போயிருந்தது, அவர் பத்து மணிக்குத்தான் வந்தார். நான் அன்று பழக்கத்தில் ஒன்பதே காலுக்கே போய்விட்டேன். மாடிப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூத்தவர் மதியத்துக்குக் கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து, டப்பா மூடியில் வைத்துப் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சர்க்கரை மாத்திரை போட்டுட்டு வந்தேம்மா, இதுக்கு மேல தாங்காது" என்றார். அன்று மாலை அவர்களைப் புது நேரப்படி எட்டு மணி வரை இருக்கச் சொன்னார்கள். காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை பன்னிரண்டரை மணி நேரம். இடைவேளையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒருவரை ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்து வைக்கக் கூடாது என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். படியில் காத்திருந்த நேரம் வேலை நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அவர்களை அங்கே காக்க வைத்தது நம் அறிவிப்புதான்.

அடுத்து வருகைப் பதிவு இயந்திரம். சுற்றறிக்கை தயாரானபோது அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்பவரிடம் யாரும் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதில் பழைய 9.30 தான் இருந்தது. உங்கள் உத்தரவுப்படி 10.55-க்கு விரல் வைத்த எல்லாருக்கும் தாமதம் என்று பதிவானது. புதன்கிழமை சரிசெய்தார்கள், ஆனால் பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன. மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு கழியும் என்பது நம் விதி. ஏற்கெனவே இந்த மாதம் ஒரு தாமதம் இருந்தவர்களுக்கு இப்போது அரை நாள் போயிருக்கிறது. என் மேசைக்குப் பக்கத்தில் மட்டும் இப்படி நான்கு பேர். சொன்னபடி நடந்ததற்கே அவர்களுக்கு விடுப்பு போகிறது.

இனி வேலை நேரக் கணக்கு. "அளவில் மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய நேரம் 9.30 முதல் 6.00. மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. அதாவது ஏழரை மணி நேர வேலை, ஆறு நாளைக்கு 45 மணி நேரம். புதிய நேரம் 11.00 முதல் 8.00, மொத்தம் ஒன்பது மணி நேரம். இடைவேளை பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் மேலாளரிடம் கேட்டோம், அவர் விசாரித்துவிட்டு வந்து "இனி அரை மணி நேரம்தானாம்" என்றார். அப்படியானால் ஒரு நாளைக்கு எட்டரை, வாரத்துக்கு 51 மணி நேரம். மேலே சொன்ன அதே சட்டத்தில் வரம்பு நாளுக்கு 8, வாரத்துக்கு 48. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு தராமல் தொடர்ந்து வேலை வாங்கவும் கூடாது. சரி, மேலாளர் தவறாகச் சொல்லிவிட்டார், ஒரு மணி நேர இடைவேளை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. சட்டத்துக்குள் இருக்கிறது, ஆனால் நேற்று வரை பார்த்ததைவிட மூன்று மணி நேரம் கூடுதல், அதே சம்பளத்துக்கு. எப்படிக் கூட்டினாலும் "மாற்றமில்லை" என்ற வரி பொய்யாகிவிடுகிறது. வேண்டுமென்றே அப்படி எழுதினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்கள் அனுப்பும் பில்களில் கூட்டல் சரியா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை, அதனால் இது முதலில் கண்ணில் பட்டது.

காரணத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். "நிர்வாகக் காரணங்கள்" என்று மட்டும் போட்டுவிட்டதால், முதல் மூன்று நாள் ஆபீஸ் முழுக்க வதந்தி. கட்டடத்தை வேறு யாருக்கோ காலையில் வாடகைக்கு விடப்போகிறார்கள் என்றார்கள், ஆள் குறைக்கப்போகிறார்கள் என்றார்கள். உண்மைக் காரணம் வியாழக்கிழமைதான் ஒரு குழுத் தலைவர் மூலம் தெரிந்தது. லண்டன் வாடிக்கையாளர், தங்கள் வேலை நேரத்தில் நம்மிடமிருந்து பதில் கிடைக்கும் நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறார். இது நியாயமான காரணம். இதைச் சுற்றறிக்கையின் முதல் வரியாகவே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பயமும் வதந்தியும் இருந்திருக்காது. அதைவிட முக்கியமாக, எங்களில் யாராவது ஒருவர் எழுந்து நின்று கீழே உள்ள கணக்கைச் சொல்லியிருப்போம்.

குளிர்காலத்தில் லண்டன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 9 மணி, இங்கே மதியம் 2.30. பழைய நேரப்படி நாம் ஆறு மணிக்குக் கிளம்பினால் இரண்டு பக்கமும் சேர்ந்து வேலையில் இருப்பது மூன்றரை மணி நேரம். எட்டு மணி வரை இருந்தால் ஐந்தரை. நீங்கள் எதிர்பார்த்தது இந்த ஐந்தரையைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு, இந்த ஆண்டு மார்ச் 29, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அப்படித்தான். மார்ச் 30 திங்கள் முதல் அங்கே காலை 9 மணி, இங்கே மதியம் 1.30. யாரும் எதையும் மாற்றாமலே ஒரு மணி நேரம் நமக்குக் கூடுதலாகக் கிடைத்துவிடும். அதன் பிறகு ஆபீஸ் நேரத்தை 10.30 முதல் 7.00 என்று வைத்தாலே, 1.30 முதல் 7.00 வரை அதே ஐந்தரை மணி நேரம் வந்துவிடுகிறது. ஒரு மணி நேர இடைவேளையோடு வேலை நேரமும் பழைய ஏழரையாகவே இருக்கும். இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டிய தேவை ஏழு வாரத்துக்கு மட்டும்தான். அந்த ஏழு வாரத்துக்காக, முடிவுத் தேதியே இல்லாத ஓர் உத்தரவு வந்திருக்கிறது.

இன்னொன்று. அந்த வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசுவது தொண்ணூறு பேரில் பதினான்கு பேர். மீதிப் பேர் முந்தைய நாள் வந்த பில்களைச் சரிபார்த்துப் பதிவேற்றுகிறோம். நாங்கள் காலை ஏழு மணிக்குச் செய்தாலும் லண்டனில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உண்மையில் எங்கள் பதிவு முடிந்திருந்தால்தான் அந்தப் பதினான்கு பேரால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். இப்போது எல்லாரும் பதினொன்றுக்கு வருவதால், லண்டன் எழுந்து முதல் கேள்வி கேட்கும் இரண்டரை மணிக்கு எங்கள் பதிவு பாதியில் நிற்கிறது. போன வாரம் இரண்டு முறை "இன்னும் பதிவேறவில்லை, நாளைக்குச் சொல்கிறோம்" என்று அவர்கள் பதில் எழுத வேண்டிவந்தது. எந்தக் குறையைத் தீர்க்க நேரத்தை மாற்றினீர்களோ, அந்தக் குறை கூடியிருக்கிறது.

காலையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சிலருக்கு அது உதவியாகவே இருக்கிறது, மறைக்கவில்லை. பெரம்பூரிலிருந்து வரும் ஒரு தோழி, நெரிசல் இல்லாத ரயிலில் உட்கார்ந்து வருகிறேன் என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் என் வீட்டில் பள்ளி நேரம் மாறவில்லை, மருந்து நேரம் மாறவில்லை. நான் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கிண்டிக்கு வருகிறேன். தாம்பரம் வரை அடிக்கடி ரயில் உண்டு. அதைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகும் வண்டிகள் குறைவு, இரவு ஆக ஆக இடைவெளி கூடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீட்டில் இருப்பேன். இப்போது எட்டு மணிக்குக் கணினியை மூடி, பை எடுத்து, விரல் வைத்து, நிலையத்துக்கு ஓடினால் ஒரு வண்டி போயிருக்கும். வீட்டுப் படி ஏறும்போது பத்தாகிவிடுகிறது.

என் மாமியாருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். எட்டு மணிக்குப் போட்டு, சாப்பிட வைத்து, ஒன்பதரைக்குப் படுக்க வைப்பேன். பல வருடமாக அது என் வேலை. இந்த மாற்றம் வந்த திங்களன்று நான் வரும்வரை அவர் சாப்பிடாமல் காத்திருந்தார். நான் போனபோது கை நடுங்கிக்கொண்டு, வியர்த்து, சர்க்கரை இறங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து நிமிர்த்தினோம். மறுநாளிலிருந்து என் மகள் ஊசி போடுகிறாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பும்போது கேட்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டே எனக்குப் போன் செய்வாள், "பதினாலு வந்திருச்சும்மா, சரியா?" என்று. நான் பில் திரையைப் பார்த்துக்கொண்டே "சரி" என்பேன். மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் மருத்துவரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்ற முடியுமா என்று கேட்டிருப்பேன். நாத்தனாரைக் கொஞ்ச நாள் வரவழைத்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதில் எதையும் செய்ய முடியவில்லை.

மூன்று வாரம் என்பது என் ஆசைக்குச் சொன்ன கணக்கு இல்லை. தொழில் தகராறுகள் சட்டம் 1947-இன் 9-ஏ பிரிவில், வேலை நேரத்தையும் ஓய்வு இடைவேளையையும் மாற்றுவதானால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும், கொடுத்த 21 நாளைக்குள் மாற்றத்தை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் 40-ஆவது பிரிவாக அதே 21 நாள் இருக்கிறது. தொழிலாளி என்றால் தொழிற்சாலையில் இருப்பவர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, எழுத்தர் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களும் அந்த வரையறைக்குள் வருகிறோம். மேலாளர்களும் சம்பள வரம்புக்கு மேல் உள்ள மேற்பார்வையாளர்களும்தான் வெளியே. திடீர் நெருக்கடிக்கு விலக்கு உண்டு. அதற்கும் குறைதீர்ப்புக் குழுவைக் கலந்து பேச வேண்டும். வாடிக்கையாளர் கூடுதல் நேரம் கேட்டது அப்படி ஒரு நெருக்கடி என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை, எந்தக் குழுவையும் கேட்கவும் இல்லை. இதைச் சொல்வது வழக்குப் போட அல்ல. இந்த 21 நாள் எதற்காக வைக்கப்பட்டது என்பது அந்தத் திங்கள்கிழமை மாடிப்படியைப் பார்த்த எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

இரவு பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பாதிக்கு மேல் பெண்கள். எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைப்பதற்கு எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்தும் வேண்டும் என்று இந்த மாநிலத்தில் நிபந்தனைகள் உண்டு. எட்டு மணி என்று தாளில் இருந்தாலும் கடைசித் தொகுப்பை மூடிவிட்டுக் கிளம்ப எட்டே கால், எட்டரை ஆகிறது. இதுவரை யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை, வண்டியும் இல்லை.

எப்படி எழுதியிருந்தால் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம் என்று சும்மா குறை சொல்லாமல் காட்டவும் விரும்புகிறேன். மதிய இடைவேளையில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து எழுதிய வரைவு இது:

"பொருள்: அலுவலக நேர மாற்றம். நாள்: 02.03.2026. நம் லண்டன் வாடிக்கையாளர், தங்கள் வேலை நேரத்தில் நம்மிடம் பதில் பெறக் கூடுதல் நேரம் கேட்டிருக்கிறார். அதனால் 30.03.2026 திங்கள்கிழமை முதல் வாடிக்கையாளர் பதில் குழுவின் நேரம் காலை 10.30 முதல் மாலை 7.00 வரை இருக்கும். மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் பழைய 9.30 முதல் 6.00 நேரமும், ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அவர்களின் வழக்கமான நேரமும் தொடரும். இரு நேரத்திலும் மதிய இடைவேளை ஒரு மணி நேரம். நாளொன்றுக்கு ஏழரை மணி நேர வேலை என்பதில் மாற்றமில்லை. அக்டோபர் கடைசியில் லண்டன் நேரம் மீண்டும் மாறும்போது இந்த ஏற்பாடு மறுபரிசீலனை செய்யப்படும், அதற்கும் 21 நாள் முன்னதாக அறிவிக்கப்படும். வருகைப் பதிவு இயந்திரத்தில் 28.03.2026 அன்று மாலையே நேரம் மாற்றப்படும். புதிய நேரத்தால் சிரமம் உள்ளவர்கள் 14.03.2026-க்குள் மனிதவளப் பிரிவில் எழுத்தில் தெரிவிக்கலாம், 21.03.2026-க்குள் பதில் தரப்படும். இந்த அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் நுழைவாயில் பலகையில் ஒட்டப்படும், ஒப்பந்தக்காரர்களுக்கும் நகல் தரப்படும்."

பதில் குழுவில் உள்ள பதினான்கு பேரிடமும் இதைக் காட்டினோம். பன்னிரண்டு பேர் சம்மதம் என்றார்கள். மற்ற இருவரில் ஒருவருக்குக் கைக்குழந்தை, காப்பகம் ஆறரைக்கு மூடிவிடும். இன்னொருவர் மாலைக் கல்லூரியில் படிக்கிறார். எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் அவர்களோடு இடம் மாற்றிக்கொள்ளத் தயார் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி மேலே சொன்ன பெரம்பூர்த் தோழி.

எங்கள் கோரிக்கைகள் இவை. பிப்ரவரி 7 சுற்றறிக்கையை எழுத்தில் திரும்பப் பெற்று, பழைய நேரத்தை உடனே கொண்டுவாருங்கள். மார்ச் 29 வரை லண்டனுக்குக் கூடுதல் நேரம் கட்டாயம் தேவை என்றால், பதில் குழுவில் விரும்பி முன்வருபவர்களை மட்டும் எட்டு மணி வரை வைத்து, வேலை நேரம் ஏழரையைத் தாண்டாமல் பார்த்து, வீடு வரை வண்டி கொடுங்கள். நேரத்தை நிலையாக மாற்றுவதானால் காரணம், தேதி, இடைவேளை, யாருக்குப் பொருந்தும் என்ற விவரங்களோடு 21 நாள் முன்னதாகப் புதிதாக அறிவியுங்கள். பிப்ரவரி 9, 10 தேதிகளில் விழுந்த தாமதப் பதிவுகளை நீக்கி, கழித்த விடுப்பைத் திருப்பிக் கொடுங்கள். 9-ஆம் தேதியிலிருந்து ஏழரை மணி நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு ஊதியம் தாருங்கள், எட்டு மணி நேரத்தைத் தாண்டியதற்கு இரட்டிப்பாக. துப்புரவுப் பணியாளர்கள் படியில் காத்திருந்த இரண்டரை மணி நேரத்துக்கான கூலியை ஒப்பந்தக்காரர் மூலமாக அவர்கள் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.

பிப்ரவரி 25, புதன்கிழமைக்குள் உங்கள் பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாமல் நுழைவாயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். காலை ஏழரைக்கு வருகிறவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்
18.02.2026, கிண்டி